ஆன் ஆகாத லேப்டாப்: சர்வீஸ் சென்டரா, தெருக்கடையா? உங்களுக்கு உள்ள உரிமைகள்

லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றதும் முதலில் தேட வேண்டியது வாங்கிய பில். பெரும்பாலான லேப்டாப்புகளுக்கு வாரண்டி ஓராண்டு; சிலர் வாங்கும்போதே கூடுதல் பணம் கட்டி இரண்டு, மூன்று ஆண்டாக நீட்டியிருப்பார்கள், பிறகு மறந்தும் போயிருப்பார்கள். லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் வாரண்டி முடியும் தேதி தெரியும். அந்தத் தேதி பில் தேதியோடு பொருந்தவில்லை என்றால், கம்பெனியிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து கணக்கிட்டிருக்கலாம். பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள்.

வாரண்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்தான். அதற்கு முன்னால் வெளியில் யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள். வெளியாள் திறந்தாலே வாரண்டி போய்விடும் என்பது அந்தந்த நிறுவனம் எழுதிவைத்திருக்கும் நிபந்தனையைப் பொறுத்தது. ரேம் மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனாலும் "உள்ளே வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்று அவர்கள் எழுதிவிட்டால், பழுதுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நிரூபிக்க அலைய வேண்டியவர் நீங்கள்தான். தண்ணீர் கொட்டியது, கீழே விழுந்தது போன்றவை சாதாரண வாரண்டியில் சேராது. அதற்குத் தனித் திட்டம் வாங்கியிருக்க வேண்டும்.

வாரண்டி முடிந்த பிறகுதான் உண்மையான கேள்வி வருகிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். திருநெல்வேலியில் ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப், வாங்கிய விலை 54,000 ரூபாய், வயது 16 மாதம். வேறு சார்ஜர் போட்டுப் பார்த்தாயிற்று. சார்ஜரைக் கழற்றி பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்தும் பார்த்தாயிற்று. விளக்கே எரியவில்லை. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு போய்விட்டது, புதிது 22,000 ரூபாய் என்கிறார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 25,960. சிப் லெவல் வேலை செய்யும் உள்ளூர்க் கடையில் 5,000 ரூபாய் என்கிறார்கள்.

இவ்வளவு வித்தியாசம் ஏன்? சர்வீஸ் சென்டர்களில் பொதுவாகப் போர்டைப் பழுதுபார்ப்பதில்லை, முழுதாக மாற்றிவிடுவார்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இருக்கும் நல்ல டெக்னீஷியன் போர்டின் மின்வழியை மீட்டர் வைத்து அளந்து, ஷார்ட் ஆன கெபாசிட்டர், மாஸ்ஃபெட் போன்ற ஒரு சிறு பாகத்தைக் கண்டுபிடித்து அதை மட்டும் மாற்றுவார். விளக்கே எரியாத பழுதுகளில் பல இந்த வகைதான். எனவே இந்த மாணவிக்கு நான் உள்ளூர்க் கடையைத்தான் சொல்வேன். ஆனால் வரிசை முக்கியம். முதலில் சர்வீஸ் சென்டரில் சோதனைக் கட்டணம் கட்டி, எழுத்தில் எஸ்டிமேட் வாங்கிவிட வேண்டும். சாலிடரிங் நடந்த போர்டைப் பார்த்தால் பிறகு பணம் கொடுத்தாலும் கையில் எடுக்க மறுக்கும் சென்டர்கள் உண்டு.

கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பாகம் போயிருக்கிறது? பாகத்தின் பெயரைச் சொல்லி, மாற்றியதைக் கையில் தருகிறவரை நம்பலாம். "சிப்புக்கு ஹீட் கொடுத்தால் ஓடும்" என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். சூடு காட்டிய சிப் சில நாள், சில வாரம் ஓடிவிட்டு மறுபடி நின்றுவிடுவது வழக்கம். பிராசசரே போயிருந்தாலோ, தண்ணீர் பட்டு போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தாலோ சிப் லெவல் வேலையும் நிலைக்காது. அப்போது 25,960 ரூபாயைப் புது லேப்டாப்பில் போடுவதே மேல்.

அடுத்தது உள்ளே இருக்கும் படங்கள், வங்கி விவரங்கள், ப்ராஜெக்ட் கோப்புகள். பெரிய பலகை மாட்டிய இடம் என்றால் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், 12 கடைகளில் லேப்டாப்புகளைப் பழுதுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே பதிவான தடயங்களைப் பார்த்தார்கள். ஆறு கடைகளில் ஊழியர்கள் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். அவற்றில் இரண்டில் நகலும் எடுத்திருந்தார்கள்.

ஆன் ஆகாத லேப்டாப்பில் இதற்கு எளிய வழி இருக்கிறது: கோப்புகள் எல்லாம் சேமிக்கப்பட்டிருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது. பல மாடல்களில் அது ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கும் சிறு பட்டை. போர்டைச் சோதிக்க உங்கள் எஸ்எஸ்டி தேவையே இல்லை, கடைக்காரர் தன்னுடையதைப் போட்டுப் பார்க்கலாம். வாரண்டியில் இருந்தால் நீங்களே திறக்காமல், சர்வீஸ் சென்டர் ஊழியரையே உங்கள் முன்னால் கழற்றித் தரச் சொல்லி, லேப்டாப்பை வாங்கிக்கொண்டதற்கு அவர்கள் தரும் ஜாப் ஷீட்டில் எழுத வையுங்கள். சில மெல்லிய மாடல்களிலும் மேக்புக்குகளிலும் சேமிப்பகம் போர்டோடு ஒட்டியே வரும். அங்கே போர்டு மாற்றினால் தரவும் போர்டோடு போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். எப்படி இருந்தாலும் ஆன் ஆகாத இயந்திரத்துக்குப் பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்க அவசியமில்லை.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்று. விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் எஸ்எஸ்டி தானாகவே பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டு வசதியால் பூட்டப்பட்டிருக்கும். சாவி போர்டோடு பிணைந்திருக்கும். போர்டை மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் எந்தக் கடையாலும் கோப்புகளை எடுத்துத் தர முடியாது. லேப்டாப்பைக் கொடுக்கும் முன்பே போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து இந்தப் பக்கத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்:

```
account.microsoft.com/devices/recoverykey
```

எங்கே கொடுத்தாலும் உங்கள் உரிமைக்கு ஆதாரம் ஜாப் ஷீட்தான். மாடல், சீரியல் எண், ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி உள்ளே இருக்கிறதா இல்லையா, ஏற்கெனவே உள்ள கீறல்கள், என்னைக் கேட்காமல் இத்தனை ரூபாய்க்கு மேல் வேலை செய்யக் கூடாது, என்னைக் கேட்காமல் தரவை அழிக்கக் கூடாது. இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் பில்லும், அதில் எத்தனை மாத உத்தரவாதம் என்பதும் வேண்டும். "பில் போட்டால் ஜிஎஸ்டி கூடும்" என்று பில்லே தராமல் விடுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. நம்பிக் கொடுத்த சொந்தத் தகவலை வெளியாரிடம் கொடுப்பதும் அப்படியே. அனுமதியின்றித் தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகளில் வரும். அதற்கு 1930 என்ற எண்ணில் அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் செய்யலாம்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. பங்கேற்கும் நிறுவனங்களின் வாரண்டி விவரங்கள், சர்வீஸ் தொடர்புகள் அதில் கிடைக்கும். ஆனால் அது தகவல் தரும் தளம் மட்டுமே. உதிரிபாகம் தர மறுக்கும் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் வேலையை அது செய்யாது.

வாரண்டியில் இருந்தும் மறுக்கிறார்கள், வாரக்கணக்கில் இழுக்கிறார்கள், அல்லது கடைக்காரர் செய்த வேலையில் மறுபடி பழுதாகியும் கண்டுகொள்ளவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்கள் நிறுவனத்திடம் புகாரைக் கொண்டுபோய்ப் பதில் கேட்பார்கள், தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில், ஜாப் ஷீட், எஸ்டிமேட், வாட்ஸப்பில் பேசியவை எல்லாவற்றின் நகலையும் மனுவோடு இணையுங்கள்.