பண இறுக்கச் சுட்டெண்: ‘நிதி நிலைமை’ என்று ஏன் எழுதக்கூடாது

மத்திய வங்கிகள் கையாண்ட ஓர் அளவுக்கு ஆங்கிலத்தில் மானிட்டரி கண்டிஷன்ஸ் இண்டெக்ஸ் என்று பெயர். அந்தத் தொடரை ‘நிதி நிலைமைக் குறியீடு’ என்று ஒரு கட்டுரையில் படித்தாயிற்று. ‘நாணய நிபந்தனைகள் குறியீடு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வங்கிக் கடன் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்குமே, அந்த நிபந்தனைகள் என்று நினைத்துவிட்டார் போல. அதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். முதலாவதைக் கடக்க முடியவில்லை. பார்வைக்குச் சரியான தமிழாக இருந்துகொண்டே படிப்பவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது.

முதலில் பொருள். ஒரு நாட்டில் கடன் வாங்கிச் செலவு செய்வது எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை வட்டி விகிதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. வட்டி ஏறினால் வீடு கட்டுபவரும் ஆலை வைப்பவரும் தயங்குவார்கள். நாட்டின் நாணயம் வலுத்தாலும் கிட்டத்தட்ட அதே விளைவுதான்: ஏற்றுமதியாளருக்கு வருமானம் குறையும், இறக்குமதி மலிவாகி உள்ளூர்ச் சரக்கு தேங்கும். இந்த இரண்டு அழுத்தங்களையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வதுதான் இந்த அளவு. 1990-களின் தொடக்கத்தில் இதைப் பிரபலமாக்கியது கனடாவின் மத்திய வங்கி. அவர்கள் கணக்கில் நாணய மதிப்பு 3 சதவீதம் ஏறுவதும், 90 நாள் வட்டி ஒரு சதவீதப் புள்ளி ஏறுவதும் சமம்.

```
MCI = (r − r0) + (100/3) × (ln e − ln e0)
```

இதில் MCI என்பது நாம் பேசும் எண், ln என்பது இயல் மடக்கை, r என்பது சதவீதத்தில் சொன்ன குறுகிய கால வட்டி. e என்பது பல நாடுகளின் நாணயங்களோடு ஒப்பிட்டுக் கணக்கிட்ட நாணய மதிப்பு. பூஜ்யம் போட்டவை தொடக்க காலத்து அளவுகள். வட்டி 4.5-லிருந்து 5 ஆகிறது, அதே சமயம் நாணயம் 3 சதவீதம் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டியால் 0.5 கூடும், நாணயத்தால் 1 குறையும். மொத்தத்தில் 0.5 குறைவு. ‘வட்டி உயர்வு, கடன் இறுகுகிறது’ என்று அன்றைக்குத் தலைப்பு வரும். கூட்டிப் பார்த்தால் இறுக்கம் தளர்ந்திருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். மானிட்டரி என்பது ‘மொனேட்டா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உரோமில் அப்பெயர் கொண்ட ஜூனோ தேவியின் கோயிலை ஒட்டித்தான் நாணயம் அடித்தார்கள். இண்டெக்ஸ் என்றால் இலத்தீனில் சுட்டுவிரல். வேர்க் கதை இவ்வளவு போதும்.

‘நிதி’யில் என்ன தவறு? அரசாங்கத்தின் வரவு செலவு நிதி, அந்தத் துறைக்கு ஓர் அமைச்சர், பங்குச்சந்தையும் நிதிச்சந்தை, தேர்தலுக்குக் கட்சி திரட்டுவதும் நிதி. ரிசர்வ் வங்கி வட்டியை முடிவு செய்யும் குழுவையும் நம் செய்தித்தாள்கள் ‘நிதிக் கொள்கைக் குழு’ என்கின்றன. பட்ஜெட் சார்ந்த கொள்கைக்கும் அதே பெயர். இலங்கைத் தமிழர்கள் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: மத்திய வங்கியுடையது நாணயக் கொள்கை, அரசின் வரி செலவு பற்றியது இறைக் கொள்கை. நமக்குத்தான் எல்லாம் நிதி. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பங்கு விலை, கடன் பத்திரங்களின் வட்டி வித்தியாசம் போன்றவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வேறொரு அளவு இருக்கிறது. ‘நிதி நிலைமை’ என்ற பெயருக்கு உரியது அதுதான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால், எந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாமல் போகும்.

அப்படியானால் இலங்கை வழக்கைப் பின்பற்றி ‘நாணய நிலைமை’ எனலாமா? மற்ற இடங்களில் எனக்கு மறுப்பில்லை. இங்கே மட்டும் உதவாது. கூட்டலில் பாதி நாணய மாற்று விகிதம். ‘நாணய நிலைமை உயர்ந்தது’ என்று படித்தால் ரூபாயோ டாலரோ வலுத்தது என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். பாதியின் பெயர் முழுமைக்கும் ஆகிவிடுகிறது. ஆகவே ‘பண’ என்ற எளிய சொல்லே போதும்.

ஆனால் என் முக்கியமான சண்டை ‘நிலைமை’யோடுதான். நிலைமை என்பது திசையில்லாத சொல். ஒரு குறியீடு 100-லிருந்து 110 ஆனால் நம் வாசகர் என்ன நினைப்பார்? நிலைமை முன்னேறியது என்று. நோயாளியின் நிலைமை, வீட்டு நிலைமை, விவசாயியின் நிலைமை என்று இந்தச் சொல்லை நாம் வைத்திருக்கும் இடமெல்லாம் நல்லது கெட்டதைப் பேசுகிற இடம். இந்த எண் அதைச் சொல்லவே இல்லை. ஏறினால் இறுக்கம் கூடியிருக்கிறது, இறங்கினால் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இறுக்கம் நல்லதா கெட்டதா என்பது விலைவாசியைப் பொறுத்தது.

‘நிலைமை’ என்றால் அதை நிலையாக வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இது என் கற்பனை என்று தோன்றினால் நியூசிலாந்தைப் பாருங்கள்.

1997-ஆம் ஆண்டு நடுவில் நியூசிலாந்தின் ரிசர்வ் வங்கி இந்த எண்ணை வெறும் அளவுகோலாக வைத்திருக்காமல், பணக் கொள்கையை நடத்தும் கருவியாகவே ஆக்கியது. 1996 டிசம்பர் காலாண்டை 1000 என்று வைத்துக்கொண்டார்கள். அங்கே நாணயத்துக்குக் கனடாவைவிடக் கூடுதல் எடை: 2 சதவீத நாணய ஏற்றமும் ஒரு சதவீதப் புள்ளி வட்டியும் சமம், இரண்டுமே 100 புள்ளி. எண் எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்று வங்கி முன்கூட்டியே அறிவிக்கும். சந்தை அதைப் பார்த்து நடந்துகொள்ளும்.

அதே சமயத்தில், 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்தின் பாட் சரிந்து ஆசிய நெருக்கடி தொடங்கியது. நியூசிலாந்தின் பொருள்களை வாங்கிய ஆசிய நாடுகள் வாங்குவதைக் குறைத்தன. கூடவே வறட்சியும் வந்தது. ஏற்றுமதிக்குத் தேவை விழுந்ததால் நியூசிலாந்து டாலரும் விழுந்தது. அடி வாங்கிய நாட்டுக்கு நாணயச் சரிவு ஒரு மருந்து, ஏற்றுமதியைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். எண்ணோ, சூத்திரப்படி, தளர்ந்துவிட்டது என்று காட்டியது. அறிவித்த மட்டத்துக்கு அதைத் திரும்பக் கொண்டுவர என்ன வழி? நாணயம் 2 சதவீதம் விழுந்தால் வட்டி ஒரு சதவீதப் புள்ளி ஏற வேண்டும். வங்கி வாய் திறக்காமலே சந்தைக்காரர்கள் அதைச் செய்துவிட்டார்கள். 1998 நடுவில் 90 நாள் வட்டி 9 சதவீதத்தைத் தாண்டியது. அந்த ஆண்டின் முதல் பாதியில் பொருளாதாரம் சுருங்கியது.

பக்கத்து ஆஸ்திரேலியாவுக்கும் அதே ஆசியாதான் சந்தை, அவர்கள் டாலரும் சரிந்தது. அவர்கள் மத்திய வங்கி 1997 ஜூலை இறுதியிலிருந்து 1998 டிசம்பர் வரை வட்டியை 5 சதவீதத்திலேயே வைத்திருந்தது. நாணயத்தை விழவிட்டார்கள். மந்தம் வரவில்லை. நியூசிலாந்து 1999 மார்ச்சில் இந்த முறையைக் கைவிட்டு, 4.5 சதவீதத்தில் ஓர் அதிகாரப்பூர்வ வட்டி விகிதத்துக்கு மாறியது. 2001-இல் அந்நாட்டின் பணக் கொள்கையை ஆராய்ந்த சுவீடனின் பொருளியலாளர் லார்ஸ் ஸ்வென்சன், சிறந்த உலக நடைமுறையிலிருந்து கணிசமாக விலகிய காலம் அது என்று எழுதினார். கனடாவும் 2006 முடிவோடு இந்த எண்ணைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிட்டது.

கோளாறு கூட்டலில் இல்லை. நாணயம் ஏன் விழுந்தது என்ற கேள்விக்கு இந்த எண்ணில் இடம் கிடையாது. முதலீட்டாளரின் நம்பிக்கை குறைந்து விழுந்திருந்தால், அதைத் தளர்வு என்று எடுத்துக்கொண்டு வட்டியை ஏற்றுவதில் நியாயம் உண்டு. ஏற்றுமதிப் பொருளுக்குக் கிராக்கி போய் விழுந்திருந்தால் வட்டியை ஏற்றுவது விழுந்தவனை மிதிப்பது. எண் எவ்வளவு இறுகியது என்று மட்டும் சொல்லும். பெயரும் அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: பண இறுக்கச் சுட்டெண். மூலத்தில் ‘இறுக்கம்’ எங்கே இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லைதான். சொல்லுக்குச் சொல் வைக்க வேண்டும் என்றால் ‘நிபந்தனை’ எழுதியவர்தான் ஜெயிப்பார். தளர்ந்திருக்கும்போதும் இறுக்கச் சுட்டெண்ணா என்பது அடுத்த கேள்வி. மார்கழிக் குளிரையும் வெப்பமானியில்தானே பார்க்கிறோம்? ‘மார்க்கெட்ல பணம் டைட்டா இருக்கு’ என்று கடைத்தெருவில் சொல்வதற்கும் இதற்கும் உறவு இருக்கிறது, அதனால் சொல் அந்நியமாகவும் தோன்றாது. செய்தியாளர்கள் எழுதும் ‘பண நெருக்கடி’ மட்டும் வேண்டாம். அது கையில் காசில்லாத நிலை.

‘குறியீடு’ ஏன் வேண்டாம் என்பதற்கு நீண்ட வாதம் தேவையில்லை. வேதியியலில் தங்கத்துக்கு ஒரு குறியீடு, அஞ்சலுக்கு ஒரு குறியீடு, கணினி நிரலும் சிலருக்குக் குறியீடு. ‘குறியீட்டெண்’ என்று முழுதாக எழுதினால் பரவாயில்லை, ஆனால் யாரும் எழுதுவதில்லை. கொழும்பில் நுகர்வோர் விலைச் சுட்டெண் என்று வெகுகாலமாகப் புழங்குகிறது. சுட்டுவிரல் என்ற மூலப்பொருளும் தானாகவே வந்து பொருந்துகிறது.

இதைத் தமிழில் விளக்க முயலும்போது கடைசியாக ஒரு பள்ளம் இருக்கிறது. நாம் மாற்று விகிதத்தை ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்று சொல்கிறோம். 80 என்பது 84 ஆனால் எண் ஏறியிருக்கிறது, ரூபாய் இறங்கியிருக்கிறது. அதை அப்படியே e இருக்கும் இடத்தில் போட்டால், தளர்வு இறுக்கமாகத் தெரியும். தலைகீழாக்கித்தான் போட வேண்டும். இந்தச் சரிவுக்குப் ‘பணமதிப்பிழப்பு’ என்று அழகான ஒரு சொல் கையில் இருந்தது. 2016 நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததற்கு அந்தச் சொல்லைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். மதிப்பு சரிவது வேறு, நோட்டு செல்லாமல் போவது வேறு. இப்போது ரூபாயின் பணமதிப்பிழப்பு என்று எழுதினால், ஏடிஎம் வாசலில் வரிசையில் நிற்கத்தான் ஆள் கிளம்புவார்கள். அதனால் இந்தச் சுட்டெண்ணைப் பற்றி எழுதும்போது ‘நாணயச் சரிவு’ என்று எழுதுகிறேன்.