பாகில் 55 பிரிக்ஸ் என்றால் எத்தனை கிராம் சர்க்கரை?

குலாப் ஜாமுன் பாகு 55 பிரிக்ஸில் இருக்கட்டும் என்று ஒரு செய்முறை சொல்கிறது. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் 55 வந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். ஆனால் அடுப்பில் ஏற்றும் முன் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்ய, அந்த 55ஐக் கிராமாக மாற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கு எளிதுதான். பிரிக்ஸ் என்பதே 100 கிராம் பாகில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற அளவு. 55 பிரிக்ஸ் என்றால் 100 கிராம் பாகில் 55 கிராம் சர்க்கரை, மீதி 45 கிராம் தண்ணீர். பெருக்கலும் இல்லை, வகுத்தலும் இல்லை. சிக்கல் 'எதில் 100 கிராம்' என்பதில்தான் வருகிறது. 100 கிராம் தண்ணீரில் 55 கிராம் சர்க்கரையைப் போட்டால் மொத்த எடை 155 கிராம் ஆகிவிடும். 55ஐ 155ஆல் வகுத்தால் பாகு 35.5 பிரிக்ஸ்தான். ஜாமுனுக்கு அது வெறும் சர்க்கரைத் தண்ணீர். உண்மையான 55 பிரிக்ஸுக்கு 100 கிராம் தண்ணீருக்கு 122 கிராம் சர்க்கரை வேண்டும்.

மில்லி லிட்டரும் இதேபோல் ஏமாற்றும். பாகு தண்ணீரைவிடக் கனமானது. 50 பிரிக்ஸ் பாகு 100 மில்லி எடுத்தால் அதன் எடை ஏறக்குறைய 123 கிராம். அதில் 61 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், 50 கிராம் அல்ல. 'ஒன்றுக்கு ஒன்று' என்று சொல்லும் செய்முறைகளும் இப்படித்தான். எடையில் ஒன்றுக்கு ஒன்று போட்டால் 50 பிரிக்ஸ். ஆனால் ஒரு கப் சர்க்கரை 200 கிராம், அதே கப் தண்ணீர் 240 கிராம் என்று வைத்தால் 440இல் 200, அதாவது 45 பிரிக்ஸ் பக்கம் வரும். ஒரே செய்முறை இரண்டு வீட்டில் இரண்டு விதமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஒரு கிலோ சர்க்கரைக்குக் கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கரைத்தால் மொத்தம் 2000 கிராம், 50 பிரிக்ஸ். கொதிக்கும்போது ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், சர்க்கரை அப்படியே இருக்கிறது. அதனால் சர்க்கரையின் எடையை 0.55ஆல் வகுத்தால் போதும்: 1000 ÷ 0.55 = 1818. பாகு 1818 கிராமுக்கு இறங்கியதும் அது 55 பிரிக்ஸ். ஆக 182 கிராம் தண்ணீர் வற்ற வேண்டும். வெறும் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்து வைத்துக்கொண்டு, இடையிடையே இறக்கித் தராசில் வைத்துப் பார்த்தால் கருவியே வேண்டாம். வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். கவனம் தப்பி 62 பிரிக்ஸ் வரை போய்விட்டால் பாகு 1613 கிராம்தான் இருக்கும். 205 கிராம் வெந்நீர் ஊற்றினால் மறுபடி 55க்கு வந்துவிடும்.

ரிஃப்ராக்டோமீட்டர் உண்மையில் அளப்பது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை. சர்க்கரை கூடக்கூட ஒளி கூடுதலாக வளையும். பாகு சூடானால் அந்த வளைவு குறைந்து, அளவு குறைத்துக் காட்டும். கருவியின் கணக்கு 20 டிகிரி செல்சியஸுக்கானது. வெப்பநிலையைத் தானே சரிசெய்துகொள்ளாத கருவி என்றால், 30 டிகிரியில் 55 பிரிக்ஸ் அளவில் சுமார் 0.8 கூட்டிக்கொள்ள வேண்டும். கொதிக்கும் பாகை நேராக விட்டால் எண் நம்பும்படி இருக்காது. ஒரு கரண்டி பாகைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, ஆவி போகாமல் மூடி, ஆறவிட்டு அளக்க வேண்டும். இன்னொன்று, வெறும் சர்க்கரைப் பாகுக்குத்தான் பிரிக்ஸும் கிராமும் ஒன்று. வெல்லப்பாகில் கரைந்திருக்கும் உப்புகளும் மற்றவையும் சேர்ந்தே அந்த எண்ணில் வந்துவிடும்.

கம்பிப் பதம் 80 பிரிக்ஸை ஒட்டி வரும். 100 கிராம் பாகில் 80 கிராம் சர்க்கரை, 20 கிராம் தண்ணீர். ஆறிய பிறகு அந்த 20 கிராம் தண்ணீர் 40 கிராமுக்குச் சற்று அதிகமான சர்க்கரையைத்தான் கரைத்து வைத்திருக்க முடியும். கிட்டத்தட்ட பாதிச் சர்க்கரை வெளியே வரத் துடிக்கும். பாதுஷாவின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்பது அதுதான். 55இல் 45 கிராம் தண்ணீர் இருப்பதால் 90 கிராம் சர்க்கரைக்கே இடம் உண்டு. அதனால்தான் ஜாமுன் பாகு மறுநாளும் பூக்காமல் நீர்மமாகவே இருக்கிறது.