பெயர் கிடைக்காத எண்கள்

"கைப்பேசியில் 2-க்குக் கீழே ABC, 3-க்குக் கீழே DEF என்று எழுத்துகள் இருக்கின்றன. 1 மட்டும் ஏன் வெறுமையாக நிற்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நூறு வயதைத் தாண்டிய வெறுமை அது.

அமெரிக்காவில் முன்பெல்லாம் ஆபரேட்டரிடம் எக்ஸ்சேஞ்சின் பெயரையும் எண்ணையும் சொன்னால் இணைப்பு கிடைத்துவிடும். தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தபின் பெரிய நகரங்களில் ஆறேழு இலக்கங்களை நாமே சுழற்ற வேண்டும் என்றாயிற்று. அவ்வளவு நீள எண் யார் மனத்தில் நிற்கும் என்று தொலைபேசி நிறுவனம் கவலைப்பட்டது. அதன் பொறியாளர் வில்லியம் பிளாவெல்ட் 1917-இல் வழி சொன்னார்: டயலில் எழுத்துகளைப் பதித்துவிடலாம், பெயரின் முதல் எழுத்துகளையே சுழற்றட்டும்.

நியூயார்க்கில் இருந்த பென்சில்வேனியா ஹோட்டலின் எண் 'பென்சில்வேனியா 6-5000'. P இருப்பது 7-இல், E இருப்பது 3-இல். ஆக, சுழற்றுவது 736-5000. எக்ஸ்சேஞ்சுக்குப் பெயரெல்லாம் தெரியாது. துளையிலிருந்து விரலை எடுத்ததும் டயல் திரும்பிச் சுழலும். 7 என்றால் மின்சுற்று ஏழு முறை அறுந்து சேரும். இயந்திரம் எண்ணுவது அந்தத் துடிப்புகளை மட்டுமே. ரிசீவரை எடுக்கும்போது கொக்கி ஒரு முறை தடுமாறினாலும் அது 1 என்றே பதிவாகும். அதனால்தான் எக்ஸ்சேஞ்ச் குறியீடு 1-இல் தொடங்கக் கூடாது என்று வைத்து, அதற்கு எழுத்தே தரவில்லை. 0 ஆபரேட்டருக்குப் போயிற்று.

மீதி எட்டு இலக்கங்கள். முதல் இரண்டு இடங்களுக்கு 64 ஜோடிகள். தாராளம்தானே என்று தோன்றும். ஆனால் அன்றைய டயலில் 5-இல் J, K, L. 7-இல் P, R, S. 9-இல் W, X, Y. ஓர் உயிரெழுத்துகூட இல்லை. 57 என்று தொடங்க ஓர் ஊர்ப்பெயரோ தெருப்பெயரோ சொல்லுங்கள் பார்க்கலாம்! 95, 97 இன்னும் மோசம். 55-க்குத் தேடிப் பிடித்த பெயர் KL என்று தொடங்கும் 'கிளாண்டைக்', கனடாவில் தங்கம் கிடைத்த இடம். ஹாலிவுட் படங்களில் வரும், 555 என்று தொடங்கும் கற்பனை எண்கள் இதன் வாரிசுகள்தாம். கூட்டுத்தொகை 9 வரும் கைப்பேசி எண்ணுக்குப் பணம் கொட்டுகிறவர்கள் கவனிக்க: எண்ணுக்கு ராசி கிடையாது, எழுத்துப் பற்றாக்குறை உண்டு.

தொலைபேசிகள் பெருகப் பெருக, பெயர் இல்லாத ஜோடிகளையும் பயன்படுத்தியே ஆகவேண்டிய நிலை வந்தது. வெளிநாட்டு அழைப்பில் வேறொரு சிக்கல்: அமெரிக்க டயலில் O இருந்தது 6-இல், லண்டன் டயலில் 0-இல். 1958-இல் டெக்சாசின் விச்சிட்டா ஃபால்ஸில் எழுத்துகளை விட்டு இலக்கங்களுக்கே மாறினார்கள். 1962-இல் சான்பிரான்சிஸ்கோவில் இதை எதிர்த்துச் சங்கமே தொடங்கினார்கள். எண்ணாக மாறினால் மனிதத்தன்மை போய்விடும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பரிவு உண்டு. ஆனால் கணக்கு அவர்கள் பக்கம் இல்லை: பெயர்கள் கைவிட்ட ஜோடிகள் எண்களாக உடனே கிடைத்தன.