காப்பீட்டு நிறுவனம் சொல்லும் இழப்பீடு போதாது என்றால் எப்படி மறுத்து எழுதுவது?

விபத்து நடந்து இரண்டு மூன்று மாதத்தில், மோதிய வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு போன் வரும். பேசுபவர் மிகவும் பணிவாகப் பேசுவார். "கேஸ் போட்டா வருஷக்கணக்கா இழுக்கும்மா, வக்கீலுக்கே பாதி போயிடும். நாங்களே ஒரு தொகை தர்றோம், கையெழுத்துப் போட்டா முப்பது நாள்ல அக்கவுண்டுக்கு வந்துடும்" என்பார். வீட்டில் சம்பாதிக்கிறவர் காலில் கம்பியோடு படுத்திருக்கிறார், கடன்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் மூன்று லட்சம் என்பது பெரிய தொகையாகத்தான் தெரியும். பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் எங்களைப் போன்றவர்களிடம் வருகிறார்கள். அப்போது செய்வதற்கு அதிகம் இருக்காது.

சட்டம் சொல்வது சுருக்கமாக இதுதான். 2019இல் திருத்தி, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 149ஆவது பிரிவின்படி, காப்பீட்டு நிறுவனம் ஓர் அதிகாரியை நியமித்து, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் முன் சமரசத் தொகை ஒன்றைச் சொல்லலாம். ஏற்றால் தீர்ப்பாயம் பதிவு செய்யும், அந்தப் பதிவு கிடைத்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். மறுத்தால் விசாரணைக்குத் தேதி குறிக்க வேண்டும். மறுப்பது உங்கள் உரிமை, அதற்குத் தண்டனை கிடையாது. போனில் பேசுபவர் இந்தப் பகுதியைச் சொல்ல மாட்டார்.

தொகை ஏன் குறைகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பதில் எழுதுவது எளிது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 38 வயது டைல்ஸ் வேலைக்காரர். வலது முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். நடக்கிறார், ஆனால் குந்தி உட்கார முடியவில்லை. நிறுவனம் சொல்லும் தொகை 2,92,000 ரூபாய். பிரித்துக் கேட்டால் இப்படி வரும்: ஆஸ்பத்திரிச் செலவு 44,000 கழித்து 1,42,000, மூன்று மாத வருமான இழப்பு மாதம் 10,000 வீதம் 30,000, வலி வேதனைக்கு 20,000, ஊனத்துக்கு 1,00,000.

அந்தக் கடைசி ஒரு லட்சத்தைத்தான் பார்க்க வேண்டும். 20 சதவீத ஊனம், ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று பெருக்கியிருக்கிறார்கள். நம் ஊர்த் தீர்ப்பாயங்களில் இந்தச் சதவீதக் கணக்கு பழக்கத்தில் இருப்பதுதான். ஆனால் அது வேலைத் திறனைப் பாதிக்காத காயங்களுக்குப் பொருந்துவது. பிழைப்பே பாதிக்கப்பட்டவருக்கு வருமானத்தை வைத்துப் பெருக்கும் முறையில்தான் கணக்கிட வேண்டும். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: டாக்டர் தரும் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு. கை போன குமாஸ்தாவுக்கு வேலை தொடரலாம். அதே கை போன தச்சருக்கோ டிரைவருக்கோ பிழைப்பு முழுவதுமே போய்விடும்.

சரி, நிறுவனம் சொன்ன எண்களையே வைத்துக்கொள்வோம். மாதம் 10,000. சுயதொழில் செய்பவர், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும். இது பிரணய் சேத்தி வழக்கின் தீர்ப்பு. காயமடைந்து நிரந்தர ஊனமானவர்களுக்கும் பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக 14,000. ஆண்டுக்கு 1,68,000. வயது 36 முதல் 40 வரை என்றால் பெருக்கும் எண் 15. மொத்தம் 25,20,000. அதில் 20 சதவீதம் 5,04,000. அவர்களுடைய வருமானம், அவர்களுடைய சதவீதம்தான். முறையை மாற்றியதும் ஒரு லட்சம் ஐந்து லட்சம் ஆகிறது. அவர் உண்மையில் மாதம் 15,000 சம்பாதித்தார், வேலைத் திறனில் 30 சதவீதம் போனது என்று நிரூபிக்க முடிந்தால் இந்த ஒரு தலைப்பில் மட்டுமே 11,34,000 வரும்.

சம்பளச் சீட்டு இல்லையே என்பதுதான் அடுத்த மிரட்டல். கூலி வேலை செய்பவரிடம் சம்பளச் சீட்டு யார் கேட்டு வாங்கி வைப்பது? காய்கறி விற்றவர் ஒருவருக்கு எந்தச் சான்றும் இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் என்று சையது சாதிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது, அதுவும் 2008இல் நடந்த விபத்துக்கு. இருந்தாலும் மேஸ்திரியோ காண்டிராக்டரோ தீர்ப்பாயத்துக்கு வந்து சாட்சி சொல்வாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள். கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வர மறுப்பவர்கள்தான் அதிகம். வராதவரின் கடிதத்தை எதிர்த் தரப்பு எளிதாகத் தள்ளிவிடும்.

இனி, மாட்டிக்கொள்ளும் இடங்கள்.

முதலாவது 164ஆவது பிரிவு. யார் தவறு என்று பார்க்காமலே பலத்த காயத்துக்கு 2,50,000 ரூபாய் தரச் சொல்லும் பிரிவு இது. நல்ல பிரிவுதான். ஆனால் 149இன் நடைமுறைப்படி இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், முழு இழப்பீடு கேட்டு 166ஆவது பிரிவின் கீழ் நீங்கள் போட்ட மனு அதோடு காலாவதியாகிவிடும். "இது இப்போதைக்குத்தான், மீதிக்கு கேஸ் நடக்கும்" என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பாதீர்கள். எந்தப் பிரிவின் கீழ் இந்தத் தொகை என்று எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது ஆறு மாதக் கெடு. 166(3)இன்படி விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். அந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நிறுவனத்தோடு நடக்கும் கடிதப் போக்குவரத்து இந்தக் கெடுவை ஒரு நாள்கூட நிறுத்தாது. "மேலதிகாரி ஒப்புதலுக்குப் போயிருக்கு" என்று ஐந்தாவது மாதத்தில் பதில் வந்தால், அன்றே மனுவைத் தயார் செய்யுங்கள். போலீஸ் அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. ஸ்டேஷனில் கேட்டால் கோர்ட்டுக்கு அனுப்பியாச்சு என்பார்கள், கோர்ட்டில் கேட்டால் வரவில்லை என்பார்கள். எம்.சி.ஓ.பி. எண், அதாவது தீர்ப்பாயம் மனுவுக்குத் தரும் எண், கையில் கிடைக்கும்வரை அனுப்பியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

மூன்றாவது அவசரம். எலும்பு கூடி, சிகிச்சை முடிந்த பிறகுதான் நிரந்தர ஊனம் எவ்வளவு என்று சொல்ல முடியும். மூன்றாவது மாதத்தில் தரும் தொகையில் பிளேட்டை எடுக்கப்போகும் அடுத்த ஆபரேஷன்கூட இருக்காது. சிகிச்சை செய்த டாக்டரிடம் அந்த ஆபரேஷனின் உத்தேசச் செலவை எழுதி வாங்குங்கள். மெடிக்கல் போர்டுக்குப் போகும்போது சான்றிதழில் இருக்கும் சதவீதம் காலுக்கா, முழு உடலுக்கா என்று பார்த்து வாங்குங்கள். அதை எழுதாமல் விட்டால் குறைவான பக்கத்துக்குத்தான் வாதாடுவார்கள்.

அப்புறம் ஹெல்மெட். கால் உடைந்தவரிடம் ஹெல்மெட் போடவில்லை, அதனால் பாதிப் பொறுப்பு உங்களுடையது என்று தொகையைக் குறைப்பார்கள். அந்த விதிமீறலால்தான் விபத்தோ காயமோ ஏற்பட்டது என்று காட்டாமல் இப்படிக் குறைக்க முடியாது. கடிதத்தில் ஒரு வரியில் மறுத்துவிடுங்கள்.

கடிதத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். காயமடைந்தவருக்குச் சுயநினைவு இருந்தால் அவரே போட வேண்டும். மனைவியோ அண்ணனோ எழுதுவதென்றால் அவர் தந்த அதிகாரக் கடிதத்தை இணையுங்கள். இல்லாவிட்டால், "உங்களுக்கு எழுத அதிகாரம் இல்லை" என்ற ஒற்றை வரிப் பதிலிலேயே ஒரு மாதம் போய்விடும்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, மேற்படி பாலிசி எண், எஃப்.ஐ.ஆர். எண், எம்.சி.ஓ.பி. எண் தொடர்பாக, தாங்கள் … தேதியிட்ட கடிதத்தில் தெரிவித்த ரூ. 2,92,000 தொகையை என் கணவர் ஏற்கவில்லை. அவர் தந்த அதிகாரக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. டைல்ஸ் பதிக்கும் தொழிலுக்குக் குந்தி உட்காருவது அவசியம். அது இப்போது அவரால் முடியவில்லை. எனவே ஊனத்தைச் சதவீதத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டது தவறு. சம்பாதிக்கும் திறன் இழப்பை வருமானம், எதிர்கால உயர்வு, வயதுக்குரிய பெருக்கும் எண் ஆகியவற்றின்படி கணக்கிட வேண்டும். மருத்துவச் செலவில் தாங்கள் கழித்த 44,000 ரூபாய்க்கான ரசீதுகளை மருந்துச் சீட்டுகளோடு மீண்டும் இணைத்துள்ளோம். அடுத்த அறுவை சிகிச்சை, உடனிருந்து கவனித்தவருக்கான செலவு, போக்குவரத்து, சத்துணவு, வட்டி ஆகியவை தங்கள் கணக்கில் இல்லை. சிகிச்சை தொடர்வதால் இக்கடிதம் எங்கள் இறுதிக் கோரிக்கை அல்ல. தங்கள் தொகை எந்தப் பிரிவின் கீழ் என்பதையும் தலைப்புவாரிக் கணக்கையும் எழுத்தில் தெரிவிக்கவும். எங்கள் சட்ட உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல் இதை எழுதுகிறோம்."

இதில் "இவ்வளவு கொடுத்தால் போதும்" என்று ஒரு தொகையை எழுதாதீர்கள். எழுதிய தொகைக்கு மேல் கேட்பது பிறகு கஷ்டம். உடம்பு இப்போது பரவாயில்லை என்று மரியாதைக்குக்கூட எழுத வேண்டாம். ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகலைத் தீர்ப்பாயத்தில் வக்கீல் மூலம் தாக்கல் செய்யுங்கள். போனில் மறுத்ததற்கு எந்தச் சாட்சியும் கிடையாது.

மறுத்த பிறகு விசாரணை பெரும்பாலும் தொகையைக் கூட்டுவது பற்றித்தான் நடக்கும். கூடுதலாக ஏன் வேண்டும் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் மேல்தான் விழும். 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படித்தான் சொல்கிறது. சாட்சி இல்லாமல் மறுத்துவிட்டால் தீர்ப்பில் தொகை கூடாமலும் போகலாம். மனு போட்ட தேதியிலிருந்து வட்டி கிடைக்கும், தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம். ஆகவே காலம் இழுப்பது நிறுவனத்துக்கும் இலவசம் இல்லை.

நடுவில் லோக் அதாலத்துக்கு அழைப்பு வரும். போங்கள், பேசுங்கள். தொகையும் கூடலாம். ஆனால் அங்கே போடும் கையெழுத்துக்கு மேல்முறையீடே கிடையாது. காலையில் நீட்டிய தாளில் மதியத்துக்குள் கையெழுத்துக் கேட்பார்கள், பக்கத்தில் இருபது பேர் காத்திருப்பார்கள். மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். அந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட வராவிட்டால், அடுத்த விசாரணைத் தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.