ஜேசிபி வாங்கலாமா, வாடகைக்கே எடுக்கலாமா: ஒரு கான்ட்ராக்டரோடு உட்கார்ந்து போட்ட கணக்கு

"வருசம் பத்து லட்சத்துக்கு மேல வாடகையே போகுதுங்க சார். அந்தக் காசைத் தவணையா கட்டினா வண்டி நமக்கே சொந்தமாகிடும்ல?"

ஈரோட்டுப் பக்கம் அஸ்திவாரம் தோண்டுவது, வாய்க்கால் வெட்டுவது, மண் நிரப்புவது என்று வேலை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். செலவுக் கணக்குப் பார்க்கும் என் தொழிலில் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்கும்போது நியாயமாகவே படும். ஆனால் இப்படி நினைத்து வண்டி எடுத்துவிட்டு மூன்றாம் வருடம் தவணை கட்ட நகையை வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அவரோடு போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய வாடகை பில்களை முதலில் கூட்டிப் பார்த்தோம். வருடத்துக்கு 1,500 மணி நேரம் ஓடுகிறது என்று அவர் சொல்லியிருந்தார். பில்களில் இருந்தது 900 மணி நேரம்தான். இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். வேலை நெருக்கடியான மாதங்கள்தான் மனதில் நிற்கும், மழைக்கும் பண்டிகைக்கும் நின்ற நாட்கள் நிற்காது. டீசலும் ஆபரேட்டரும் சேர்ந்து மணிக்கு 1,200 ரூபாய் வாடகை. ஆக வருடத்துக்கு 10 லட்சத்து 80 ஆயிரம். அவர் சொன்ன பத்து லட்சம் சரிதான்.

அந்தப் பணம் முழுக்க மிச்சமாகிவிடாது. சொந்த வண்டி வந்தாலும் மணிக்கு 5 லிட்டர் டீசல் குடிக்கும், அதுவே சுமார் 470 ரூபாய். சர்வீஸ், ஆயில், பக்கெட் பல் என்று மணிக்கு இன்னொரு 80. இந்த 550 ரூபாயை வாடகைக்காரர் இப்போது தன் பையிலிருந்து போடுகிறார், நாளைக்கு இவர் போட வேண்டும். ஆகவே மணிக்கு உண்மையில் மிச்சம் 650 ரூபாய்தான். 900 மணிக்கு 5 லட்சத்து 85 ஆயிரம். அதிலிருந்து ஆபரேட்டர் சம்பளம் மாதம் 25,000, இன்சூரன்ஸும் மற்றவையும் வருடம் 50,000, ஆக மூன்றரை லட்சம் கழிகிறது. கையில் நிற்பது வருடத்துக்கு 2 லட்சத்து 35 ஆயிரம், மாதத்துக்கு இருபதாயிரம்கூட இல்லை. 34 லட்சம் ரூபாய் வண்டிக்கு முழுத் தொகையும் 11 சதவீத வட்டியில் ஆறு வருடக் கடன் என்றால் தவணை மாதம் சுமார் 65,000 வரும்.

ஆபரேட்டர் சம்பளத்தில் அவருக்கு உடன்பாடில்லை. "நம்ம டிப்பர் ஓட்டுற பையனுக்கு இதுவும் தெரியும்ங்க, அவனுக்குச் சம்பளம் ஏற்கெனவே போகுது." அந்தப் பையன் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் சொல்வது முழுக்கச் சரி, அந்தச் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ஆனால் அவன் ஜேசிபியில் ஏறினால் டிப்பருக்கு வேறு ஆள் போட வேண்டும். அந்தப் புது ஆளின் சம்பளம் இந்த முடிவால் வரும் செலவு. நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வண்டி வாங்கினால் மட்டும் போகிற பணமா, இல்லை வாங்காவிட்டாலும் போகிற பணமா? போன வருடம் அவர் இரண்டு லட்சத்தில் போட்ட ஷெட்டை இந்தக் கேள்வி வெளியே தள்ளிவிடும். அது போனது போனதுதான், எந்த முடிவெடுத்தாலும் திரும்பி வராது.

அவருடைய நண்பர் எழுதிக் கொடுத்த தாளில் வண்டி விலை, தவணை, தேய்மானம் மூன்றும் செலவாக இருந்தன. ஒரே பணத்தை மூன்று முறை எழுதுவது இது. விலையை எழுதினால் தவணையை எழுதக்கூடாது. தேய்மானம் என்பது அந்த விலையையே வருடங்களுக்குப் பிரித்து எழுதுவது, அன்றைக்கு யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. அதனால் குறையும் வருமான வரி மட்டும்தான் நிஜப் பணம். வாடகையோ அந்த வருடமே முழுக்கச் செலவாகக் கழியும், தேய்மானம் குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மேல் 15 சதவீதமாக மெதுவாகத்தான் கழியும். இங்கே வரியை இரு பக்கமும் விட்டுவிடுகிறேன். ஜிஎஸ்டிக்கு அவர் உள்ளீட்டு வரவு எடுப்பவர் என்பதால் எல்லாத் தொகையும் ஜிஎஸ்டி இல்லாமல்.

சரி, இப்போது ஆறு வருடத்தையும் சேர்த்துப் பார்ப்போம். நான்காம் வருடம் டயரும் ஹைட்ராலிக் வேலையும் சேர்த்து இரண்டரை லட்சம். ஆறாம் வருட முடிவில் விற்றால் 12 லட்சம். வட்டியே இல்லை என்று வைத்துக்கொண்டு வெறுமனே கூட்டிக் கழித்தால், வருடம் சுமார் 1,170 மணி நேரம் ஓடினாலே போட்ட பணம் திரும்பிவிடும் போலத் தெரிகிறது. பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

ஆனால் 34 லட்சம் இன்றைக்கே போகிறது, மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. ஆறு வருடம் கழித்து வரும் 12 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம்தான், ஏனென்றால் அந்தத் தொகையை 11 சதவீதத்தில் விட்டுவைத்தாலே ஆறு வருடத்தில் 12 லட்சம் ஆகிவிடும். வருடா வருடம் வரும் மிச்சத்தையும் இதேபோல் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், ஆறு வருட மிச்சம் கிட்டத்தட்ட 4.23 வருட மிச்சத்துக்குத்தான் சமம். இப்படிப் போட்டால் தேவைப்படும் ஓட்டம் வருடம் 1,600 மணி நேரம் ஆகிறது. அவர் முதலில் சொன்ன 1,500 மணிக்கே கையைக் கடிக்கும், 900 மணிக்கு இன்றைய மதிப்பில் சுமார் 19 லட்சம் நஷ்டம்.

அப்புறம் அவர் ஒன்று சொன்னார், அது நியாயமான பேச்சு. சீசனில் வாடகை வண்டி சொன்ன நாளில் வராது, ஆட்களுக்குக் கூலி மட்டும் போகும். வருடத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டேன், பன்னிரண்டு என்றார். எட்டுப் பேருக்கு 800 ரூபாய் வீதம் 76,800. இது வாடகைக்கு எடுப்பதால் வரும் நிஜச் செலவு, அந்தப் பக்கம் சேர்க்கத்தான் வேண்டும். சேர்த்ததும் 1,600 மணி சுமார் 1,480 ஆக இறங்கியது. வாடகை மணிக்கு 1,400 ஆக ஏறி டீசல் அப்படியே இருந்தால்கூட 1,135 மணி தேவை. அவருடைய 900 எட்டவில்லை.

மீதி நேரத்தை வெளியே வாடகைக்கு விடலாம் என்பதும் அவர் திட்டத்தில் இருந்தது. விடலாம், அதே 650 ரூபாய் மணிக்கு நிற்கும். ஆனால் வண்டி வாங்குமுன்பே இத்தனை மணி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் ஆள் யார் என்று கேட்டேன். இரண்டு பேர் பெயர் சொன்னார். இருவருமே அவருக்குப் பழைய பாக்கி வைத்திருப்பவர்கள். அந்த மணிகளை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போதைக்கு வாடகைதான். நெருக்கடியான நான்கு மாதங்களுக்கு மட்டும் மாதம் குறைந்தது 120 மணி நேரத்துக்கான காசு உறுதி என்று வண்டிக்காரருக்கு எழுதிக் கொடுத்தார், பதிலுக்கு வண்டி அவர் சைட்டிலேயே நிற்கும். தினமும் காலையும் மாலையும் ஹவர் மீட்டர் எண்ணை நோட்டில் குறிக்கிறார். பழைய வண்டி ஒன்று 16 லட்சத்துக்கு வருகிறதாம். விலையும் ரிப்பேரும் மறுவிற்பனையும் வேறு என்பதால் அதற்குத் தனிக் கணக்கு போட வேண்டும், இந்த நோட்டு ஒரு வருடம் ஓடிய பிறகு.