போன் கவருக்குள் ஏடிஎம் கார்டு வைத்திருப்பவர்களுக்கு

வங்கிக் கவுன்டரில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது: “நான் யார்கிட்டயும் பின் நம்பர் சொல்லவே இல்லையே சார்.” பெரும்பாலும் அது உண்மைதான். பின் தெரியாமலே பணத்தை எடுத்துவிட முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

சென்ற வருடம் ஒரு அம்மா வந்திருந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கூட்டமான டவுன் பஸ்ஸில் போன் போய்விட்டது. பிளாஸ்டிக் கவருக்கும் போனுக்கும் நடுவில் ஏடிஎம் கார்டு இருந்தது. வீட்டுக்குப் போய், மகன் போனிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கார்டை முடக்கிவிட்டார். அதற்கு முன்பும் பணம் போயிருந்தது, பின்பும் போயிருந்தது. “கார்டைத்தான் பிளாக் பண்ணிட்டேனே தம்பி, அப்புறம் எப்படிப் போச்சு?” என்று கேட்டார். கணக்கு விவரத்தை எடுத்துப் பார்த்ததில், போன் தொலைந்த சிறிது நேரத்திலேயே அவருடைய கணக்குக்குப் புதிய யுபிஐ பின் போடப்பட்டிருந்தது.

திருடன் செய்தது இவ்வளவுதான். பஸ்ஸில் பின் இருக்கையிலிருந்து அவர் போடும் கோலத்தை, அதாவது பேட்டர்ன் பூட்டை, பார்த்துவைத்துக்கொண்டான். போன் திறந்தது. பணம் அனுப்பும் செயலியைத் தொட்டால் அதுவும் பூட்டு கேட்டது. ஆனால் அந்தச் செயலி கேட்டது போனின் பூட்டையேதான், எனவே அதே பேட்டர்னில் அதுவும் திறந்தது. யுபிஐ பின் தெரியாததால் ‘பின் மறந்துவிட்டது’ என்பதைத் தேர்ந்தெடுத்தான். கார்டின் கடைசி ஆறு எண்களையும் காலாவதி மாதம், வருடத்தையும் கேட்டது. கார்டு கவருக்குள்ளேயே இருந்தது. பிறகு ஓடிபி. அதுவும் அவன் கையிலிருந்த போனுக்கே வந்தது. அவன் விருப்பத்துக்கு ஒரு புதிய பின்னைப் போட்டுக்கொண்டான்.

இதில் ஏடிஎம் பின் எங்குமே தேவைப்படவில்லை. சில வங்கிகள் இந்த இடத்தில் ஏடிஎம் பின்னையும் கேட்கும். கேட்கிற வங்கியாக இருந்திருந்தால் அவனுக்கு இன்னொரு தடை இருந்திருக்கும்.

போன் பூட்டு, ஏடிஎம் பின், யுபிஐ பின், இந்த மூன்றும் வேறு வேறு வேலைக்கான பூட்டுகள். போன் பூட்டைச் சரிபார்ப்பது போன் மட்டுமே. அது வங்கிக்குப் போவதில்லை, வங்கிக்குத் தெரியவும் தெரியாது. போனுக்குள் இருக்கும் படம், செய்தி, செயலி இவற்றைப் பிறர் பார்க்காமல் காப்பதுதான் அதன் வேலை. பணத்துக்கு அது சம்மதம் கொடுப்பதில்லை. ஆனால் நம் வீடுகளில் அது பாதி ஊருக்குத் தெரிந்த எண். கேம் விளையாட பிள்ளைக்குச் சொல்லியிருப்போம், வாட்ஸ்அப்பில் படம் எடுத்துக்கொள்ள அண்ணன் மகனுக்குச் சொல்லியிருப்போம். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன், குடும்பம் என்றால் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் அந்த எண்ணையே பணத்துக்கும் வைக்காதீர்கள் என்கிறேன்.

ஏடிஎம் பின்னை வங்கி சரிபார்க்கிறது. கையில் பிளாஸ்டிக் அட்டை வைத்திருப்பவர்தான் அதன் சொந்தக்காரர் என்று இயந்திரத்துக்கு நிரூபிப்பது அதன் வேலை. போன் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். எல்லா இடத்திலும் அது காவலுக்கு நிற்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அலைக்குறி போட்ட கார்டைக் கடை இயந்திரத்தில் தட்டினால் ரூ.5,000 வரை பின் இல்லாமலே போகும். இணையத்தில் வாங்கும்போதும் பெரும்பாலும் ஓடிபிதான் கேட்பார்கள்.

யுபிஐ பின் ஒவ்வொரு முறையும் நாம் போடும் கையெழுத்து. நான்கு அல்லது ஆறு எண்கள், குறியாக்கம் செய்யப்பட்டு நம் வங்கிக்குப் போய்ச் சரிபார்க்கப்படும். ‘என் கணக்கிலிருந்து இந்தத் தொகையை இவருக்குக் கொடு’ என்பதுதான் அதன் பொருள். இருப்பு பார்க்கவும் கேட்கும். பணம் வாங்க மட்டும் ஒருபோதும் கேட்காது. “பரிசுத் தொகை வரவு வைக்கிறோம், பின் போடுங்க” என்று யாராவது சொன்னால், பணம் எந்தப் பக்கம் போகப்போகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பின்னே இல்லாத ஒன்றும் அதே செயலிக்குள் இருக்கிறது. யுபிஐ லைட் என்ற சிறு வாலட். டீக்கடை, காய்கறிக் கடைக்காக அதில் ரூ.5,000 வரை வைத்துக்கொள்ளலாம், ஒரு முறைக்கு ரூ.1,000 வரை பின் இல்லாமல் கொடுக்கலாம். அந்தப் பணத்துக்குப் போன் பூட்டு மட்டுமே காவல். நான் அதில் ஐநூறுக்கு மேல் வைப்பதில்லை.

ஆக, மூன்று எண்களையும் வேறு வேறாக வைத்தால் மட்டும் போதாது. ஒரு பூட்டை மாற்ற எதெது வேண்டும் என்று பார்க்க வேண்டும். யுபிஐ பின்னை மாற்றக் கார்டு விவரமும் ஓடிபியும் வேண்டும். பல வங்கிகளின் ஏடிஎம் பின்னைக் கார்டும் ஓடிபியும் இருந்தால் ஏடிஎம்மிலேயே புதிதாகப் போடலாம். ஆகவே கார்டும் சிம்மும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. கவருக்குள் இருக்கும் கார்டை இன்றே எடுத்துவிடுங்கள். கார்டைப் படம் எடுத்துக் கேலரியில் வைத்திருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். ஆதார் வழியாகவும் யுபிஐ பின் போடலாம். ஆதாரின் முதல் ஆறு எண்களும் ஓடிபியும் போதும். அதனால் ஆதார் படமும் கேலரியில் கிடக்க வேண்டாம்.

சிம் விஷயத்தைப் பலரும் யோசிப்பதே இல்லை. போன் பூட்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வந்துவிடும். இதைத் தடுப்பது சிம் பின். போன் அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியில் ‘சிம் பூட்டு’ என்று இருக்கும். முதலில் சிம்மில் ஏற்கெனவே இருக்கும் பின்னைக் கேட்கும், அதை ஊகித்துப் போடாதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பியுகே எண்ணைக் கேட்கும், அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் வீண். சிம் நிறுவனத்திடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கூடவே, பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் பூட்டைத் திறக்காமலே ஓடிபியைப் படித்துவிடலாம்.

பஸ், சந்தை போன்ற இடங்களில் கைரேகையால் திறப்பது நல்லது. பக்கத்தில் இருப்பவர் பார்த்துக் கற்றுக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. பேட்டர்ன் பூட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஆறு இலக்க எண் வையுங்கள்.

மீண்டும் அந்த அம்மாவிடம் வருகிறேன். கார்டை முடக்கினால் யுபிஐ நிற்காது. யுபிஐ கார்டோடு கட்டப்பட்டதில்லை, கணக்கோடும் மொபைல் எண்ணோடும் கட்டப்பட்டது. ஒருமுறை பின் போட்டுவிட்டால் கார்டு செத்தாலும் அது ஓடும். சிம்மை முடக்கினால் ஓடிபி நிற்கும், ஆனால் ஏற்கெனவே பதிவான செயலி வைஃபையில் ஓடாது என்று நம்பியிருக்க முடியாது. எனவே போன் தொலைந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு. “கார்டையும் முடக்குங்க, யுபிஐயையும் முடக்குங்க” என்று இரண்டையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது சிம் நிறுவனம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண் அல்லது cybercrime.gov.in.

நேரம் ஏன் முக்கியம் என்றால், ரிசர்வ் வங்கி 2017-இல் வெளியிட்ட விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் வாடிக்கையாளர் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அந்த அம்மா கார்டை மட்டும் சொல்லியிருந்தாலும், போன் திருடுபோனது என்று அந்த அழைப்பிலேயே சொன்னது பதிவில் இருந்தது. அழைப்புக்குப் பின் போன தொகைக்கு அதை வைத்துத்தான் வாதாட முடிந்தது. முன்பு போனது திரும்பவில்லை.