புட்டியில் 5 சதவீதம், அறிக்கையில் 5.24

என் அக்கா மகள் முதலாமாண்டு வேதியியல் படிக்கிறாள். ஒரு சனிக்கிழமை தேக்கா உணவங்காடியில் தே ஓ வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததுமே பையிலிருந்து ஆய்வறிக்கையை எடுத்து நீட்டினாள். முடிவுகளை அலசும் பகுதியில் பத்துக்கு நான்கு மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே கேள்விகள்: “எவ்வளவு? எந்தப் பக்கம்?”

“என்ன கேக்குறாங்கன்னே புரியல மாமா. எல்லாப் பிழையும்தான் எழுதியிருக்கேனே.”

எழுதியிருந்தாள்தான். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது, சாரத்தைத் தமிழில் தருகிறேன்: “எங்களுக்குக் கிடைத்த விடை லேபிளில் உள்ளதைவிட அதிகம். மனிதத் தவறு, கருவிகளின் துல்லியக் குறைவு, சுற்றுச்சூழல் ஆகியவை காரணமாக இருக்கலாம். ப்யூரெட்டைப் படிக்கையில் இடமாறு தோற்றப் பிழை நேர்ந்திருக்கலாம். இறுதிநிலையைத் தாண்டியிருக்கலாம். அடுத்த முறை கூடுதல் கவனத்துடன் பலமுறை செய்தால் துல்லியம் கூடும்.”

இந்தப் பத்தியை அப்படியே வெட்டி வேறு எந்தச் சோதனையின் அறிக்கையில் ஒட்டினாலும் பொருந்தும். அதுதான் அதன் கோளாறு. இவள் செய்த சோதனையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

சோதனை எளியதுதான். கடையில் வாங்கிய வினிகரில் எவ்வளவு அசிட்டிக் அமிலம் இருக்கிறது என்று டைட்ரேஷன் செய்து கண்டுபிடிக்க வேண்டும் (பள்ளித் தமிழில் தரம்பார்த்தல்). வினிகரில் 25 மில்லிலிட்டர் எடுத்து, நீர் சேர்த்து 250 மில்லிலிட்டர் ஆக்குகிறார்கள். அதிலிருந்து 25 மில்லிலிட்டரைப் பிப்பெட்டால் கூம்புக் குடுவைக்கு மாற்றி, ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, ப்யூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் கரைசலைச் சேர்க்கிறார்கள். வெளிர் இளஞ்சிவப்பு தோன்றி நிலைத்ததும் நிறுத்த வேண்டும், அதுதான் இறுதிநிலை. அந்தச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலையும் மாணவர்களே தயாரித்தார்கள். 4.00 கிராம் வில்லைகளை எடைபோட்டு 1 லிட்டர் நீரில் கரைத்தால் 0.100 மோலார் என்பது கணக்கு.

இவளுக்குச் செலவான கன அளவுகள் 21.80, 21.75, 21.85 மில்லிலிட்டர். சராசரி 21.80. கணக்குப் போட்டால் 100 மில்லிலிட்டர் வினிகரில் 5.24 கிராம் அமிலம் வருகிறது. லேபிளில் 5 கிராம். வித்தியாசம் 4.8 சதவீதம்.

சிவப்பு மையின் முதல் கேள்வி “எவ்வளவு?” அதிலிருந்து ஆரம்பித்தோம். லேபிள் சரியென்றால் ஏறக்குறைய 20.82 மில்லிலிட்டர்தான் செலவாகியிருக்க வேண்டும். ஆகவே விளக்க வேண்டியது கூடுதலாகப் போன 1 மில்லிலிட்டரை. இந்த 1 மில்லிலிட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, சந்தேகப்படும் ஒவ்வொரு காரணத்தையும் “உன்னால் இவ்வளவு செய்ய முடியுமா?” என்று கேட்க வேண்டும்.

கருவிகளைக் கேட்போம். ப்யூரெட்டை ஒரு முறை படிப்பதில் 0.05 மில்லிலிட்டர் முன்பின் ஆகலாம். தொடக்கம், முடிவு என இரண்டு முறை படிக்கிறோம், ஆக மோசமான நிலையில் 0.10. இது 21.80-இல் அரை சதவீதம்கூட இல்லை. மாணவர் ஆய்வகத்துப் பிப்பெட்டுக்கு 0.06 மில்லிலிட்டர் விலக்கம் அனுமதி உண்டு. அதை இரண்டு முறை பயன்படுத்தியதால் இன்னோர் அரை சதவீதம். தராசு, அளவுக் குடுவைகள் எல்லாவற்றையும் கூட்டி, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஒன்றரை சதவீதத்தைத் தாண்டாது. 4.8 சதவீதத்துக்கு இது போதவே போதாது. “கருவிகளின் துல்லியக் குறைவு” என்று எழுதியது பொய்யில்லை, ஆனால் இந்த வித்தியாசத்துக்கு அது பதிலில்லை. இப்படிக் கணக்குப் போட்டு ஒரு காரணத்தை ஒதுக்குவதும் அலசலில் சேர்த்திதான். அதை எழுதினாலே மதிப்பெண் உண்டு என்பது பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை.

இறுதிநிலையைத் தாண்டியிருக்கலாம் என்றாளே? ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். 1 மில்லிலிட்டர் என்றால் இருபது சொட்டு. மூன்று தடவையும் இருபது இருபது சொட்டாகத் தாண்டியிருந்தால் குடுவையில் இருப்பது வெளிர் நிறமாக இராது, ரோஸ் நிறப் பண்டுங் பானத்தைக் கிண்ணத்தோடு கொட்டியதுபோல இருக்கும். “அப்படியா இருந்துச்சு?” என்று கேட்டேன். கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினாள். வெள்ளைத் தாளுக்கு மேல் வைத்தால்தான் தெரிகிற மாதிரி மெல்லிய நிறம். நல்ல கை.

இரண்டாவது கேள்வி “எந்தப் பக்கம்?” ஒரு பிழை விடையைக் கூட்டுமா, குறைக்குமா என்பதை வேதியியலே சொல்லிவிடும். பிப்பெட்டைத் தண்ணீரில் மட்டும் அலசிவிட்டுப் பயன்படுத்தினால் உள்ளே ஒட்டிய நீர் வினிகரை நீர்க்கச் செய்யும். அப்போது காரம் குறைவாகச் செலவாகும், விடை குறையும். நமக்கோ விடை கூடியிருக்கிறது, ஆகவே அது குற்றவாளியல்ல. கூம்புக் குடுவை ஈரமாக இருந்தால் எதுவுமே ஆகாது. அதற்குள் போன அமிலத்தின் மோல் எண்ணிக்கை நீரால் மாறுவதில்லை. (குடுவையைத் துடைத்துத் துடைத்துக் காயவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.)

ப்யூரெட்டில் தண்ணீர் தங்கியிருந்தால்? காரம் நீர்த்துப்போகும், அதிகம் செலவாகும், விடை கூடும். பக்கம் பொருந்துகிறது. ஆனால் ப்யூரெட்டை ஒவ்வொரு முறையும் நிரப்ப நிரப்ப அந்த நீர் வெளியேறிவிடும், முதல் அளவு மிக அதிகமாகவும் அடுத்தடுத்தவை குறைந்துகொண்டும் வர வேண்டும். இவளுடைய எண்கள் 21.80, 21.75, 21.85. இறங்குமுகமே இல்லை. ப்யூரெட் முனையில் சிக்கிய காற்றுக் குமிழியும் அப்படித்தான். அது ஒரு தடவை வெளியேறி ஒரு அளவை மட்டும் கெடுக்கும், மூன்றையும் ஒரே அளவுக்குக் கெடுக்காது.

இங்கேதான் அந்த மூன்று எண்களின் அருமை தெரிகிறது. அவை ஒன்றோடொன்று 0.10 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போகின்றன, ஆனால் மூன்றுமே சேர்ந்து 1 மில்லிலிட்டர் தள்ளி நிற்கின்றன. கை நடுக்கம், கண் பிசகு போன்ற தற்செயல் பிழைகள் எண்களைச் சிதறடிக்கும். இங்கே சிதறல் இல்லை, மொத்தமாக நகர்ந்திருக்கிறது. அப்படியென்றால் மூன்று டைட்ரேஷனுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் முறையான பிழை இருக்கிறது. அதனால்தான் “பலமுறை செய்தால் துல்லியம் கூடும்” என்ற அவளுடைய கடைசி வரி தவறு. முப்பது தடவை செய்தாலும் அதே 21.80 பக்கம்தான் வந்து நிற்கும்.

பொதுவானவை எவை? நீர்த்த வினிகர் ஒன்று, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் இன்னொன்று. வினிகரின் பக்கத்தைக் கருவிக் கணக்கில் பார்த்துவிட்டோம். மிச்சம் காரம்.

“வில்லைகளை எப்படி எடைபோட்டீங்க?” என்றேன்.

“ஒரே தராசுதான் மாமா. ஆறு பேர் வரிசை, நான் கடைசி. புட்டி திறந்தே இருந்துச்சு. எனக்கு வந்தப்போ வில்லையெல்லாம் பளபளன்னு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.”

இதை அறிக்கையில் எழுதவில்லை! சோடியம் ஹைட்ராக்சைடு காற்றின் ஈரத்தை இழுத்து அதிலேயே கரையக்கூடியது. அதற்கு நம் ஊர் வெளிக்காற்றின் ஈரப்பதம்கூடத் தேவையில்லை, குளிரூட்டிய ஆய்வகத்துக் காற்றே தாராளம். பளபளப்பு என்றால் மேலே நீர்ப்படலம் உருவாகிவிட்டது என்று பொருள். தராசு அந்த நீரையும் சேர்த்துத்தான் 4.00 என்று காட்டியது.

எவ்வளவு நீர் தேவை? 21.80 செலவானதை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் காரத்தின் உண்மைச் செறிவு 0.0955 மோலார். அதாவது 4.00 கிராமில் 3.82 கிராம்தான் சோடியம் ஹைட்ராக்சைடு, 0.18 கிராம் வேறு ஏதோ. புட்டியின் லேபிளையும் படம் எடுத்து வைத்திருந்தாள், தூய்மை குறைந்தது 97 சதவீதம் என்றிருந்தது. அந்த 3 சதவீதத்திலேயே 0.12 கிராம் வரை போய்விடலாம். மீதி 0.06 கிராம் ஈரம் என்றால், திறந்த புட்டியில் ஒட்டிக்கிடந்த வில்லைகளுக்கு அது பெரிய அளவே அல்ல. பக்கம் பொருந்துகிறது, அளவும் பொருந்துகிறது, மூன்று எண்களும் ஒத்துப்போவதும் பொருந்துகிறது.

காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடும் கொஞ்சம் துணைபோயிருக்கும். அது காரத்தைக் கார்பனேட் ஆக்கிவிடும். ஃபீனால்ஃப்தலீன் நிறம் மாறும் இடத்தில் கார்பனேட்டின் பாதி வலுதான் கணக்கில் வரும், அதனாலும் கரைசல் நீர்த்ததுபோலவே நடந்துகொள்ளும். இதை ஒரு வரியில் சொன்னால் போதும் என்றேன்.

அப்புறம் பத்தியைத் திரும்ப எழுதினாள். தமிழில் இப்படி வரும்:

“எங்கள் விடை லேபிள் மதிப்பைவிட 4.8% அதிகம். கருவிகளின் மொத்த நிச்சயமின்மை அதிகபட்சம் 1.5% என்பதால் அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. மூன்று அளவுகளும் 0.10 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போவதால் இது முறையான பிழை. எடைபோடும்போது வில்லைகள் ஈரமாக ஒட்டியிருந்தன, அவற்றின் தூய்மையும் 97% வரை குறையலாம். ஆகவே கரைசலின் செறிவு 0.100-ஐவிடக் குறைவாக இருந்திருக்கும். காரம் அதிகம் செலவாகி, அமிலத்தின் அளவு கூடுதலாகக் கணக்கிடப்பட்டது. செறிவு 0.0955 எனில் முழு வித்தியாசமும் விளங்கும். பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை 0.5106 கிராம் எடுத்து இதே கரைசலால் டைட்ரேட் செய்தால் இதைச் சோதிக்கலாம்: செறிவு 0.100 எனில் 25.00 மில்லிலிட்டரும், 0.0955 எனில் 26.18 மில்லிலிட்டரும் செலவாகும்.”

அந்தத் தாலேட் உப்பு ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, தூய்மையாகக் கிடைக்கும், உலர்த்தி எடைபோட்டால் எடையை நம்பலாம். காரக் கரைசலின் செறிவைத் தீர்மானிக்க அதைப் பயன்படுத்துவது வழக்கம். இவளுடைய வகுப்பில் நேரமில்லை என்று அந்தப் படியை விட்டுவிட்டார்கள்.

ஓர் ஓட்டை மட்டும் மிச்சமிருந்தது. அந்த வினிகரிலேயே உண்மையில் 5.24 கிராம் இருந்திருந்தால்? லேபிள் எண் தயாரிப்பாளர் சொல்வது, நாம் அளந்ததல்ல. தாலேட் சோதனை செய்யாதவரை இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. அடுத்த திங்கட்கிழமை அதே கரைசலைக் கேட்டுப் போனாள். ஆய்வக உதவியாளர் வெள்ளிக்கிழமையே கொட்டிக் கழுவிவிட்டாராம். அதனால் “இருந்திருக்கும்” என்பதை அடித்து, “பெரும்பாலும் இருந்திருக்கலாம்” என்று மாற்றிக் கொடுத்தாள்.